எல்.இ.டி. மாற்றியும் மின்கட்டணம் இறங்காதது ஏன்? கேள்வி பதில்

வார்டு உறுப்பினர் ஒருவர்: எங்கள் தெருவின் 40 சோடியம் விளக்குகளையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டோம். கட்டணம் கொஞ்சம்தான் இறங்கியது. மீட்டர் கோளாறா?

மீட்டரைச் சந்தேகிக்கும் முன், நண்பகலில் விளக்குகள் எரிகின்றனவா என்று அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 280 வாட் இழுக்கும். 40 விளக்குகள் இரவு 12 மணி நேரம் எரிந்தால் 134 யூனிட். 120 வாட் எல்.இ.டி.க்கு 58 யூனிட் போதும். அதையே பகலிலும் எரியவிட்டால் 115 யூனிட் ஆகிவிடும். மிச்சமாக வேண்டியதில் முக்கால் பங்கு வெயிலில் கரைந்துபோகிறது.

பகலில் எரிவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. டைமரின் பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அதன் கடிகாரம் தப்பாக ஓடும். இல்லையென்றால், டைமர் சொல்லும்போது விளக்கு வரிசைக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகள் ஒட்டியிருக்கும். டைமரை அணைத்த பிறகும் விளக்கு எரிந்தால் குற்றம் கான்டாக்டரில்தான். இவை இருக்கும் பெட்டியை மின்பணியாளர்தான் திறக்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்கில் சென்சார் இருக்குமே, பகலில் எப்படி எரியும்?

எல்லா விளக்கிலும் இருக்காது. பல தெருக்களில் ஒரே பெட்டிதான் முழு வரிசையையும் இயக்குகிறது. சென்சார் இருந்தாலும், அது கெட்டால் தெரு இருளக் கூடாது என்பதற்காக விளக்கு எரியும் நிலையிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். மரக்கிளை மறைத்தாலும், மேலே தூசி படிந்தாலும் இதே கதைதான்.

மீட்டர் இல்லாத இணைப்பு என்றால் விஷயமே வேறு. பதிவேட்டில் உள்ள வாட்டை எரியும் நேரத்தால் பெருக்கிக் கட்டணம் போடுவார்கள். பதிவேட்டில் பழைய 250 வாட்டே இருந்தால் கட்டணம் அசையாது. கம்பம் கம்பமாகப் புதிய வாட்டை எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

மழை பெய்தால் எங்கள் வரிசை அணைகிறது. புகார் கொடுத்தால் "சரிசெய்யப்பட்டது" என்று மூடுகிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடி இருட்டு.

கம்பத்தின் அடியில் உள்ள இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் பிரேக்கர் விழும். ஆள் வரும்போது ஈரம் காய்ந்திருக்கும், பிரேக்கரைத் தூக்கிவிட்டால் விளக்கு எரியும். அவர் பொய் சொல்லவில்லை, பழுது மட்டும் அப்படியே இருக்கிறது. புகாரில் "மழைக்குப் பின், 12 முதல் 18 வரையுள்ள கம்பங்கள்" என்று எழுதுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு விளக்கையும் பார்க்காமல் பெட்டியைத் தேடுவார்கள்.

புதிய புகார் கொடுக்காதீர்கள், பழைய எண்ணையே மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புது எண் விழுந்தால் ஒப்பந்ததாரரின் கெடு முதலிலிருந்து ஓடும், அபராதமும் விழாது. "ஒரே கம்பம் 30 நாளுக்குள் மறுபடி பழுதானால் பழைய புகாரே தொடரும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாத ஊரில் அலுவலரிடம் வாதாடித்தான் திறக்க வைக்க வேண்டியிருக்கும்.

விளக்கு கிடக்கட்டும். அதற்குக் கேபிள் புதைத்த இடத்தில் சாலை உள்வாங்கிவிட்டது. யாரைப் பிடிப்பது?

தோண்டியவரை. மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கியிருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மூடினால் மழையில் கட்டாயம் உட்காரும், மேலே எத்தனை முறை தார் பூசினாலும் நிற்காது. சாலை போட்ட ஒப்பந்ததாரரின் உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், "வெட்டியது நானில்லை" என்று அவர் கைவிரிப்பார். தோண்டும் முன் இருவரும் கூட்டாகப் பார்வையிட்ட குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத சண்டைகள் இழுபறியாகவே கிடக்கின்றன.