வினைச்சொல் கடைசிக்குப் போவது பற்றி

"அவசரமாக ஆங்கிலம் பேசினால் 'யெஸ்டர்டே யூ சென்ட் ஃபைல் ஐ சா' என்று வந்துவிடுகிறது. எப்படித் திருத்துவது?"

'ஐ சா' என்று தொடங்கினாலே வினை தன் இடத்துக்கு வந்துவிடும், அது எளிது. ஆனால் அதற்குப் பிறகும் 'ஐ சா யெஸ்டர்டே யூ சென்ட் ஃபைல்' என்றுதான் வாயில் வரும், ஏனென்றால் தமிழில் 'நேற்று நீங்கள் அனுப்பிய' என்ற பெயரெச்சத் துண்டு ஃபைலுக்கு முன்னால் நிற்கிறது, ஆங்கிலத்திலோ அது முழுசாகப் பின்னால் போக வேண்டும். அதனால் எதைப் பார்த்தேன் என்று கேட்டு உடனே பெயரை வையுங்கள்: ஐ சா த ஃபைல். அப்புறம், எந்த ஃபைல்? யூ சென்ட் யெஸ்டர்டே. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனம். 'நேற்று வந்த ஆள்' போல அந்தப் பெயரே வேலையைச் செய்தால் 'ஹூ' அல்லது 'தட்' போன்ற இணைப்புச் சொல் கட்டாயம் வேண்டும்: த மேன் ஹூ கேம் யெஸ்டர்டே.