குறள் 314-ஐ ஒரே ஆங்கில வரியில் சொல்வது எப்படி?

கேள்வி: ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு குறள் போடுகிறேன். தமிழ் தெரியாதவர்களுக்காகக் கீழே ஒரே வரியில் எளிய இங்கிலீஷில் பொருள் எழுத வேண்டும். உரையைப் பார்த்து எழுதினால் மூன்று வரி ஆகிறது, சுருக்கினால் வெறும் பொன்மொழி மாதிரி ஆகிறது. உதாரணத்துக்கு 314-ஐ எப்படி எழுதுவது?

பதில்:

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயஞ் செய்து விடல்.

முதலில் சீரைப் பிரித்துச் சொல்லாகச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அச்சில் ‘இன்னாசெய் தாரை’ என்று இருப்பது வெண்பாவின் தளைக்காக. பொருளுக்கு ‘இன்னா செய்தாரை’ என்றுதான் படிக்க வேண்டும். ‘இன்னா செய்தாரை ஒறுத்தல், அவர் நாண நல் நயம் செய்து விடல்.’ இப்படி எழுதியதும் எழுவாய் எது, பயனிலை எது என்பது தெரிந்துவிடும். ‘ஒறுத்தல்’ எழுவாய், ‘விடல்’ பயனிலை. இரண்டுமே தொழிற்பெயர். அதாவது ‘தண்டிப்பது என்பது இது’ என்று விளக்கம் சொல்கிற வாக்கியம். ‘தண்டி’ என்ற கட்டளை இல்லை.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத உட்கார்ந்தால் கை தானாகவே ஏவலில் தொடங்கும்: Punish என்று ஆரம்பித்துவிடுவோம். அப்படித் தொடங்கினால் தண்டிக்கச் சொல்கிறார் வள்ளுவர் என்று ஆகிவிடும். குறள் இருப்பதோ ‘இன்னாசெய்யாமை’ அதிகாரத்தில். தண்டனை என்ற சொல்லை முன்னால் வைத்து, என்ன தண்டனை சொல்லப்போகிறார் என்று கேட்பவரைக் காத்திருக்க வைத்து, அதை அப்படியே கவிழ்ப்பதுதான் இந்த ஏழு சீரின் வேலை. அதனால் ஆங்கில வரியும் ‘தண்டிக்கும் வழி இது’ என்ற அமைப்பில் இருக்கட்டும், தண்டனை முதல் பாதியிலும் நன்மை இரண்டாம் பாதியிலும் வரட்டும். வரிசையை மாற்றி நன்மையை முன்னால் வைத்தால் பொருள் கெடாது, ஆனால் குறள் செத்துவிடும்.

அடுத்தது ‘அவர் நாண’. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ‘நாண’ என்ற செயவென் எச்சத்தை ‘நாண வேண்டும் என்பதற்காக’ என்றும் கொள்ளலாம், ‘நாணும்படியாக’ என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் to shame them என்று எழுதினால் முதல் பொருள் மட்டுமே நிற்கும். நல்லது செய்வதே அவரைத் தலைகுனிய வைக்கும் தந்திரம் என்றாகிவிடும். இன்றைய ஆங்கிலத்தில் shame என்பது வினையாக வந்தால் நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவது என்ற வாடையும் சேர்ந்துகொள்ளும். பரிமேலழகர் உரையோ அவர் ‘தாமே’ நாணுவதைச் சொல்கிறது. வெட்கம் அவருக்குள் தானாக வருவது. எனவே so … that … they feel ashamed என்ற அமைப்பு பொருந்தும். இதில் ஒரு சிறு நஷ்டம் உண்டு: ‘அவ்வளவு’ என்ற அளவுச்சொல் மூலத்தில் இல்லை. ஒற்றை வரிக்குக் கொடுக்கும் விலை என்று ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது ‘விடல்’. இதை ‘செய்துவிடு’ என்பதுபோல் வெறும் துணைவினையாகப் படித்தால் ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல்லே வேண்டாம். உரைமரபு அப்படி விடவில்லை. பரிமேலழகரும், நம் காலத்தில் மு.வ.வும், அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை இரண்டையும் மறந்துவிடுவது என்று விரிக்கிறார்கள். நான் உரையின் பக்கம்தான். செய்த நன்மையை மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு கணக்குத் தீர்ப்பாகிவிடும். ஆனால் ‘இரண்டையும் மறந்து’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் ‘எந்த இரண்டு?’ என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் எழுத இன்னொரு வரி வேண்டும். உங்கள் மூன்று வரி பிறப்பது இங்கேதான். let it go என்ற மூன்று சொல் இரண்டையும் அடக்கிக்கொள்ளும், ‘விடு’ என்ற வினைக்கும் நெருக்கமாக இருக்கும்.

‘இன்னா’வுக்கு evil போடாதீர்கள். பழைய மொழிபெயர்ப்புகளில் அது சர்வசாதாரணம். இன்று படித்தால் வில்லன் கதை மாதிரி இருக்கும். இனியதற்கு எதிர்ப்பதம் இன்னா, hurt போதும். ‘தமக்கு’ என்ற சொல் குறளில் இல்லை, உரை சேர்ப்பது. ஆங்கிலத்தில் you இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பதால் சேர்த்துக்கொள்ளலாம். ‘துறந்தார்’ என்று உரை சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அதிகாரம் துறவறவியலில் இருப்பதால் வந்த வரையறை அது.

இவ்வளவும் சேர்த்தால்:

```
The way to punish someone who hurt you is to be so good
to them that they feel ashamed, then let it go.
```

மொத்தம் 23 சொற்கள் (திரை அகலத்துக்காக இங்கே மடித்திருக்கிறேன்). 25-ஐத் தாண்டினால் போனில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். way-க்கு முன்னால் best சேர்க்கக் கை அரிக்கும். சேர்க்காதீர்கள். சிறந்த தண்டனை என்று அவர் தரம் பிரிக்கவில்லை, தண்டனை என்றாலே இதுதான் என்கிறார்.

ஆங்கிலத்தில் தயாராக இருக்கும் kill them with kindness என்ற தொடரும் ஆசை காட்டும். அதில் நாணமும் இல்லை, விடுதலும் இல்லை. போலிச் சிரிப்போடு செய்வதற்கும் அதைச் சொல்வார்கள். ஜி.யு. போப்பின் 1886 மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துப் போடுவதும் உதவாது. அவர் எதுகை இயைபோடு செய்யுளாகவே எழுதினார், இந்தக் குறளில் ஈரடியும் ply, by என்று முடிய வேண்டியிருந்தது. செய்யுளாக ரசிக்கலாம், குழுவில் போட்டால் அதற்கே உரை கேட்பார்கள்.

உவமை உள்ள குறளுக்கு வேலை வேறு. ‘இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ (100) மாதிரி வந்தால் உவமையை விளக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். காய், கனி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் fruit ஒன்றுதான் என்பதால் ripe, unripe இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். Vegetable என்று போனால் குறள் சமையலறைக்குப் போய்விடும்.

எழுதியதைச் சோதிக்க, குறள் தெரியாத ஒருவரிடம் ஆங்கில வரியை மட்டும் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். 314-க்கு ‘நல்லது செய்து பழிவாங்கச் சொல்கிறார்’ என்று பதில் வந்தால் ‘நாண’ கனத்துவிட்டது, that-க்கு அடுத்த பகுதியைத் திருத்துங்கள். ‘மன்னிக்கச் சொல்கிறார்’ என்று மட்டும் வந்தால் punish எங்கோ அடிபட்டுப் போயிருக்கிறது, வாக்கியத்தின் முதல் பாதியைத் திரும்ப எழுதுங்கள்.