பட்டாவில் காஞ்சிபுரம், எஃப்.ஐ.ஆரில் தாம்பரம்

"மணிமங்கலத்தில் மனை. பட்டாவில் காஞ்சிபுரம் மாவட்டம், எஃப்.ஐ.ஆரில் தாம்பரம் என்று இருக்கிறது. எது தவறு?"

இரண்டுமே சரிங்க. பட்டாவில் இருப்பது வருவாய் மாவட்டம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரம் அங்கே போனது, மணிமங்கலம் காஞ்சிபுரத்திலேயே நின்றது. தாம்பரம் காவல் கமிஷனரேட் 2022 ஜனவரியில் வந்தது. நகரம் பரவிய போக்கைப் பார்த்து, வருவாய் எல்லையைத் தாண்டி, காவல் நிலையம் காவல் நிலையமாகச் சேர்த்தார்கள். எஃப்.ஐ.ஆரின் முதல் வரியில் வரும் 'மாவட்டம்' காவல்துறையின் பிரிவு. கலெக்டர் ஆளும் மாவட்டம் அல்ல.

நீதிமன்ற எல்லை மூன்றாவது கணக்கு. செஷன்ஸ் பிரிவு, அதாவது ஒரு செஷன்ஸ் நீதிமன்றத்தின் ஆளுகைப் பகுதி, அதன் எல்லையை அரசு மாற்றவேண்டுமானால் உயர் நீதிமன்றத்தைக் கலந்தே ஆகவேண்டும் என்கிறது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 7-வது பிரிவு. அதனால் கமிஷனரேட் வந்த கையோடு வழக்கு தாம்பரம் கோர்ட்டுக்குப் போய்விடாது. பலர் தடுமாறுவது இங்கேதான். நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் eCourts தளத்தில் கமிஷனரேட் பெயரைத் தேடிவிட்டு வழக்கே இல்லை என்று பதறுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். எந்த மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட்டது என்று நிலைய எழுத்தரிடம் கேளுங்கள். அந்த நீதிமன்றம் இருக்கும் மாவட்டத்தைத் தேர்ந்து, காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்துத் தேடுங்கள்.

பட்டா திருத்தம், எல்லை அளவைக்கு மட்டும் குன்றத்தூர் தாலுகா அலுவலகம். கமிஷனர் அலுவலகத்தில் அந்த மனுவைக் கொடுத்தால் நாள்தான் வீணாகும்.