நோட்டீஸில் கிணற்று மூடியை எழுதுங்கள்

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டோடு சேர்த்து ஒரு டே கெயார் தொடங்குகிறோம். வேலைக்குப் போகும் பெற்றோர் நம்பும்படி நோட்டீஸில் என்ன எழுதலாம்?

பதில்: "பாதுகாப்பான சூழல், சத்தான உணவு, தாயன்பு" என்று எழுதியிருந்தால் முதலில் அதை வெட்டிவிடுங்கள். நான் அச்சகத்தில் நோட்டீஸ் எழுதிக் கொடுப்பவள். வருகிற எல்லா டே கெயாரும் இதே மூன்றைத்தான் கேட்கும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற அம்மாவின் கவலை வேறு. வளவுக் கிணறு திறந்து கிடக்கிறதா? ஓவர்டைம் வந்தால் பிள்ளையை யாரிடம் கொடுப்பார்கள்? இவற்றுக்கு நேரே பதில் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் உண்மையாக இருப்பதை வைத்து, இப்படி:

"கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறோம், திறப்பு பொறுப்பாளரிடம். நீங்கள் எழுதித் தந்த பெயர்களுக்கு மட்டுமே பிள்ளையைக் கொடுப்போம். மாமாவே வந்தாலும், பட்டியலில் இல்லாவிட்டால் உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான். பத்து மணிக்கு அவித்த பயறோ இலைக்கஞ்சியோ. பன்னிரண்டரைக்குச் சோறு, பருப்பு, கீரை, முட்டை. ஒரு மணிக்கு நுளம்பு வலைக்குள் நித்திரை. மூன்றரைக்குப் பழம், பிறகு முற்றத்தில் விளையாட்டு. குடிப்பது கொதித்தாறிய தண்ணீர்."

இதைவிட நம்பிக்கை தருவது, செய்ய மாட்டோம் என்று சொல்வதுதான். "ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் கொடுக்க மாட்டோம்" என்று ஒரு வரி போடுங்கள். அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். அந்த ஒரு வரியிலேயே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று பெற்றோருக்குப் புரிந்துவிடும். அதேபோல, "காய்ச்சல் 38 பாகை செல்சியஸுக்கு வந்தால் உடனே அழைப்போம், நீங்கள் எழுதித் தராத மருந்து கொடுக்க மாட்டோம்."

கைக்குழந்தைகளையும் எடுப்பதென்றால் தாய்ப்பாலுக்குத் தனி வரி தேவை. கறந்த பால் 25 பாகைச் சூட்டில் நாலு மணித்தியாலம் வரைதான் தாங்கும், வன்னி வெயிலில் அதை நம்ப முடியாது. ஆகவே "பெயரும் கறந்த நேரமும் எழுதிய போத்தலை வந்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம், சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நிறுத்தி இளஞ்சூடாக்குவோம், மிச்சத்தைத் திரும்ப வைக்க மாட்டோம்" என்று எழுதலாம். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஐஸ் பெட்டி இருந்தால் அதையும் சேருங்கள்.

கமரா இருக்கிறது என்பதைப் பெரிதாகப் போட வேண்டாம். ஒரு அறையில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சமைப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், சமையல் நேரத்தில் அவர் கண் அடுப்பில்தான் இருக்கும்.

அப்புறம் கட்டணமும், ஆறு மணிக்குப் பிந்தினால் எவ்வளவு கூட என்பதும். அதை ஒளித்தால் போனில் முதல் கேள்வியே அதுதான்.