முகம் தெளிந்தால் தங்கம் பித்தளையாகிறதா?

"அண்ணா, ஸ்காபரோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான். கல்யாணப் படம் எடுக்கிறவர் ஒருவரிடம் எடிட்டிங் வேலை. மணப்பெண்ணின் முகத்தைச் சரிசெய்தால் நகை பித்தளை மாதிரி ஆகிறது, கூறையும் வெளிறுகிறது. என்ன செய்வது? என்ன மானிட்டர் வாங்கலாம், குளிர்காலத்தில் வேலை கிடைக்குமா?"

தம்பி, மானிட்டரைப் பிறகு பார்க்கலாம். குளிர்காலத்தில் கல்யாணம் குறையும், ஆல்பம் செய்யும் வேலை இருக்கும்.

நீங்கள் லைட்ரூமில் Color Mixer-ஐத் திறந்து Orange-ஐ நகர்த்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம்முடைய மாநிறமும் 22 காரட் தங்கமும் அரக்குக் கூறையின் சரிகையும் ஏறக்குறைய அந்த ஒரே நிறத்துக்குள் வருகின்றன. முகத்துக்காக Orange-இன் செறிவைக் குறைத்தால் அட்டியலும் வெளிறும். வெளிச்சத்தைக் கூட்டினால் அதன் செதுக்கு வேலை மினுக்கத்தில் கரைந்துவிடும். மண்டபத்து ஊதா விளக்கை முறிக்கப் படம் முழுவதையும் பச்சைப் பக்கம் தள்ளினால்தான் அந்தப் பித்தளை நிறம் வருகிறது.

ஆகவே முதலில் தங்கமும் கூறையும் சரியாகத் தெரியும்படி முழுப் படத்தின் வெள்ளைச் சமநிலையை வையுங்கள். முகம் அப்போது சற்றுச் சிவந்திருந்தாலும் விடுங்கள். அப்புறம் Masking-இல் People, அதில் Face Skin, Body Skin இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடியையும் அட்டியலின் ஓரங்களையும் அது தோலோடு சேர்த்துப் பிடித்துவிடும். Subtract போட்டு பிரஷ்ஷால் கழியுங்கள். நிறத்தை வைத்துக் கழிக்கும் Color Range இங்கே உதவாது, தோலும் சேர்ந்து போய்விடும். மீதியில் Tint-ஐக் கொஞ்சம் பச்சைப் பக்கம் நகர்த்தினால் போதும். தாடைக்குக் கீழே கூறையின் சிவப்பு எதிரொளித்துப் படிந்திருக்கும். அங்கே தனி மாஸ்க் போட்டுச் செறிவைக் குறையுங்கள்.

கூறை வெளிறினால் செறிவைக் கூட்டாதீர்கள். Red-இன் வெளிச்சத்தை 10 அளவு இறக்கி, மடிப்பும் சரிகையும் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எடுக்கும்போதே சிவப்பு அலைவரிசை நிரம்பிவிட்டது. எடிட்டிங்கில் அது முழுமையாக மீளாது. எடுக்கிறவரிடம் சொல்லி, ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இங்கே நம்மவர்களே பலர் பெண்ணை வெளுப்பாக்குவதைத்தான் "சரிசெய்வது" என்கிறார்கள். அந்த வேலைக்குப் போகாதீர்கள். நான் வந்த புதிதில் விளக்குத் தூக்கப் போன ஸ்டுடியோவில் எல்லாப் பெண்களும் ஒரே வெளுப்பு. ஒருநாள் ஒரு தாய் கூறையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கணினித் திரைக்குப் பக்கத்தில் விரித்து, "இது என் மகளும் இல்லை, அவளின் சேலையும் இல்லை" என்றார். முதலாளியிடம் பதில் இல்லை. சொந்தமாகத் தொடங்கியதிலிருந்து கல்யாணக் காலையில் கூறையையும் நகையையும் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்து, ஒரு படம் எடுத்துவிடுவேன். எடிட் செய்யும்போது அந்தப் படம் பக்கத்தில் திறந்தே இருக்கும். உங்கள் முதலாளியிடமும் அப்படி ஒன்று எடுத்துத் தரக் கேளுங்கள்.