போட்டியாளரிடம் இல்லாத எதைத் தருவது என்று முடிவு செய்வது எப்படி?

"புதிதாகச் செல்பேசி பழுதுபார்க்கும் கடை தொடங்குகிறேன். என் வேல்யூ ப்ரொபோசிஷன், அதாவது வாடிக்கையாளர் என்னைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம், 'தரமான, வேகமான சேவை'. இது போதுமா?"

போதாது. அந்த வரியைப் பக்கத்துக் கடையின் பலகையில் எழுதினாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற எதுவும் உங்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆகாது.

அண்மையில் செல்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்த பத்துப் பதினைந்து பேரிடம் பேசுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் விலை குறையட்டும் என்பார்கள். கடைசியாகப் பழுதானபோது என்ன செய்தீர்கள், எதற்காகத் தள்ளிப்போட்டீர்கள் என்று கேளுங்கள். உடைந்த திரையோடு காலம் தள்ளுவதும் உங்களுக்குப் போட்டிதான்.

இரண்டு நாள் செல்பேசி இல்லாமல் இருப்பதும், உள்ளே இருக்கும் படங்களை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும்தான் பலரைத் தடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் வாக்குறுதி: "உங்கள் கண்முன்னே, ஒரு மணி நேரத்தில் திரை மாற்றித் தருகிறோம்."

இதைப் போட்டியாளர் ஏன் எளிதில் செய்ய முடியாது? அவர் எல்லா மாடல்களையும் எடுப்பதால் எல்லா உதிரிபாகங்களையும் கையிருப்பில் வைக்க முடியாது. வேலை வந்த பிறகே வரவழைக்கிறார். நீங்கள் சந்தையில் அதிகம் விற்பனையாகும் ஐந்தாறு மாடல்களின் திரை, பேட்டரி வேலைகளை மட்டும் எடுத்து, மற்றவற்றை மறுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வருகிற வேலையை விட மனமில்லாமல் எல்லாம் எடுத்தால் ஒரு மணி நேர வாக்கு முதல் வாரமே உடையும்.

கடை திறக்கும் முன் முன்பணத்தோடு பதிவு வாங்கிப் பாருங்கள். பாராட்டிவிட்டுப் பணம் தராமல் போகிறார்கள் என்றால், நீங்கள் தீர்ப்பது அவர்களுக்குப் பெரிய சிக்கல் அல்ல.