பெரியதோடு பெரியதைச் சேர்க்கும்போது: ஹட்டன் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, மகள் சாதாரண தரம் முடித்துவிட்டாள், ஒலிம்பியாட் வினாவில் சமனிலி வந்தாலே பேனா நின்றுவிடுகிறது, கணிதப் பிரிவு சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுடைய தாளில் அடைப்புக்குறி விரித்ததில் பிழை இல்லை. எதை எதோடு சோடி சேர்ப்பது என்பதில்தான் தடுமாற்றம். அதற்காகப் பிரிவை மாற்ற வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். டியூஷன் போக மூன்று மாலைகளில் அவளுக்கு மிஞ்சுவது 1, 2, 4 மணித்தியாலம். மூன்று பாடங்களில் மணிக்கு 3, 5, 8 வினாக்கள் செய்ய முடிகிறது. மாலைக்கு ஒரு பாடம். தலைகீழாகச் சேர்த்தால் மொத்த வினாக்கள் 1×8 + 2×5 + 4×3 = 30. இதில் 8ஐயும் 3ஐயும் மட்டும் இடம் மாற்றினால் 1×3 + 2×5 + 4×8 = 45. கூடிய 15 எங்கிருந்து வந்தது? (4−1)×(8−3). எந்த இரண்டு சோடியை எடுத்தாலும் இதேதான்: பெரிய எண்ணோடு சிறியது சேர்ந்திருந்தால், மாற்றும்போது இரண்டு வித்தியாசங்களின் பெருக்கம் அளவுக்குக் கூட்டுத்தொகை ஏறும். அப்படி மாற்ற இனி எதுவும் இல்லாதபோது இரண்டு வரிசையும் ஒரே ஒழுங்கில் நிற்கும், அதுவே உச்சம். எதிர் ஒழுங்கு மிகக் குறைந்தது, மற்றவையெல்லாம் இடையில். எண்கள் மறையாக இருந்தாலும் இது பொருந்தும்.

அவள் விட்ட வினா, நேர் எண்களுக்கு a³+b³+c³ ≥ a²b+b²c+c²a. "a ≥ b ≥ c என்க" என்று தொடங்கியிருக்கிறாள். aஐ b ஆகவும் bஐ c ஆகவும் cஐ a ஆகவும் சுழற்றினால் மட்டுமே வலப்பக்கம் மாறாதிருக்கிறது. a, b இரண்டை மட்டும் இடம் மாற்றினால் கோவையே வேறாகிவிடும். அதனால் அந்த வரிக்குப் புள்ளி குறைக்கலாம். அது தேவையும் இல்லை. a, b, c எந்த ஒழுங்கில் இருந்தாலும் a², b², c² அதே ஒழுங்கில்தான் இருக்கும். எனவே இடப்பக்கம் உச்சம், வலப்பக்கம் அதே எண்களை வேறுவிதமாகச் சேர்த்தது. இரண்டு வரியில் விடை முடிந்தது.

பின்னம் வந்தால்தான் அதிகம் சறுக்குவார்கள். a/b+b/c+c/a ≥ 3 என்பதில் இரண்டாம் வரிசை 1/a, 1/b, 1/c; நேர் எண்களில் அது எதிர் ஒழுங்கு. ஆகவே a×1/a போன்ற சோடிகள் தரும் 3 மிகச் சிறியது. ஒழுங்கு ஒன்றா, எதிரா என்பதை முதல் வரியிலேயே எழுதிவைக்கப் பழக்குங்கள்.

ஆனால் மேலே போட்ட 45 கணக்கை அப்படியே நேர அட்டவணையாக்கிவிடாதீர்கள். நான்காவது மணித்தியாலத்திலும் மணிக்கு 8 வினா ஓடாது. பல்கலைக்கழகம் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். மணிக்கு 3 வினா மட்டும் முடிகிற பாடத்துக்கு வாரம் ஒரு மணித்தியாலம் போதாது. நான்கு மணித்தியால மாலையில் ஒரு பங்கை அதற்கே ஒதுக்குங்கள்.